ஒத்தை ஸ்டார் ரிவ்யூவுக்கு தையல்கடைக்காரங்க எப்படி பதில் எழுதறது: ஒரு ப்ளவுஸ் கேஸை வச்சு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் ஊர்ல சாட்ஸ்வொர்த் பக்கம் சின்னதா ஒரு தையல்கடை வச்சிருக்கேன். ரெண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், கட்டிங் பார்க்கற ஒரு அக்கா, கவுன்ட்டர்ல ஒரு தம்பி, அப்புறம் நான், அவ்வளவுதான் கடை. 2023-ல எங்க கடைக்கு கூகுள் மேப்ஸ்ல ஒரு ஒத்தை ஸ்டார் ரிவ்யூ வந்துது, அதுக்கு நான் முதல்ல எழுதின பதிலை நல்லவேளை போஸ்ட் பண்ணலை. ரெண்டு நாள்ல நாலு தடவை மாத்தி எழுதினேன். அந்த நாலு தடவையில கத்துக்கிட்டதை இங்க எழுதறேன், ஏன்னா பக்கத்து கடைக்காரங்க ரெண்டு மூணு பேர் இதே மாதிரி ரிவ்யூ வந்ததும் போன் பண்ணி என்ன எழுதறதுன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல இருக்கட்டும்.

முதல்ல ரிவ்யூ என்னன்னு சொல்லிடறேன். அந்தம்மா இங்கிலீஷ்லதான் எழுதியிருந்தாங்க, இங்க பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தானே, பாட்டி தாத்தாவோட போச்சு வீட்டுத் தமிழ். தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "தங்கச்சி கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்க குடுத்தேன். வியாழக்கிழமை தர்றேன்னு சொல்லி சனிக்கிழமைதான் குடுத்தாங்க. ஒரே தடவை போட்டேன், பச்சைத்தண்ணில கையால அலசினேன், தீபாவளிக்கு எடுத்தா ஹூக் சேரவே இல்லை. போன் பண்ணினா நீங்க குண்டாயிருப்பீங்கன்னு சொல்றாங்க. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்."

இதுல மூணு புகார் இருக்கு. லேட், ப்ளவுஸ் சுருங்கினது, அந்த வார்த்தை. படிக்கறப்போ நமக்கு வயிறு எரியும், எரிச்சல்ல நம்ம கண்ணு முதல்ல போறது எதுல தெரியுமா, நம்மகிட்ட சாக்கு இருக்கற புகார்ல. எனக்கு லேட்டுங்கற புகார்தான் முதல்ல பட்டுது, ஏன்னா அப்போ லோட் ஷெட்டிங் உச்சத்துல இருந்துது, கரன்ட் இல்லாம ஓவர்லாக்கும் ஓடாது, ஸ்டீம் அயர்னும் சூடாகாது, புரட்டாசி முடிஞ்சதும் கல்யாண ஆர்டர் எல்லாம் ஒரேயடியா வந்து விழுந்திருந்துது. அதனால நான் எழுதின முதல் பதில்ல முன்னாடி வந்து நின்னது லோட் ஷெட்டிங் கதைதான். அந்தம்மாவுக்கு நிஜமா வலிச்சது மூணாவது விஷயம், அதை நான் கடைசியில ஒரே வரியில மறுத்துட்டேன்.

எழுதறதுக்கு முன்னாடி பில் புக்கை எடுங்க

துணியில கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி அளவு எடுக்கறோம்ல, அது மாதிரி பதில் எழுத உக்கார்றதுக்கு முன்னாடி அந்த ஆர்டரோட பேப்பர் எல்லாம் கையில இருக்கணும். பில் நம்பர், ஆர்டர் எடுத்த தேதி, தர்றேன்னு எழுதின தேதி, நிஜமா குடுத்த தேதி, அளவு கார்டு, வெட்டினது யாரு, தைச்சது யாரு, துணி அவங்களோடதா நம்மளோடதா, லைனிங் எந்த ரோல்ல இருந்து வெட்டினது. இதுக்கெல்லாம் அரை நாள் போதும். அதே நாளோ மறுநாளோ பதில் போயிடணும், ஆனா படிச்ச அஞ்சாவது நிமிஷத்துல போகக் கூடாது.

ரிவ்யூல இருக்கற பேர் நிஜப் பேரா இருக்கணும்னு இல்லை, நிறைய பேர் ஒரு எழுத்தும் பூவும்தான் வச்சிருக்காங்க. எங்களுக்கு கல்யாணம், வியாழன், சனி இந்த மூணு விவரத்தை வச்சே பில் புக்ல ஆர்டர் கிடைச்சுடுச்சு. கிடைக்கலைன்னா பதில்லயே "உங்க பில் நம்பரை இந்த வாட்ஸ்ஆப்புக்கு அனுப்புங்க"ன்னு கேக்கலாம், ஆனா "நீங்க எங்க கஸ்டமரே இல்லை"ன்னு மட்டும் எழுதாதீங்க. புருஷன் பேர்ல பில் போட்டிருப்பாங்க, மாமியார் வந்து குடுத்துட்டு போயிருப்பாங்க, பின்னாடி உண்மை தெரிஞ்சா நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

அப்புறம் ஆள்களைக் கேக்கணும், அதட்டாம. அதட்டினா உண்மை வராது. கட்டிங் அக்காகிட்ட நான் கேட்டது ஒரே கேள்வி, அந்த வாரம் லைனிங் நனைச்சு காய வச்சுதான் வெட்டினீங்களா. அக்கா கொஞ்ச நேரம் பேசலை, அப்புறம் சொன்னாங்க, "இல்லம்மா, அந்த வாரம் காய வைக்க நேரமில்ல, அந்த மெரூன் ரோலை அப்படியே வெட்டிட்டேன்." தம்பிகிட்ட கேட்டதுக்கு, "குண்டாயிட்டீங்கன்னு சொல்லலக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்சம் வெயிட் போட்டிருப்பீங்களோன்னு கேட்டேன்"னான். ரெண்டும் ஒண்ணுதான்டா தம்பின்னேன். பில் புக்ல வியாழன்னு என் கையெழுத்துலயே இருக்கு, டெலிவரி கையெழுத்து சனிக்கிழமை. மூணு புகாருக்கும் ப்ளவுஸைப் பார்க்காமலே எங்க பக்கத்துல இருந்தே பதில் கிடைச்சுடுச்சு.

இதுதான் இந்த வழிகாட்டியில முக்கியமான இடம். நிறைய பேர் "ப்ளவுஸைப் பார்க்காம எப்படி தப்பை ஒத்துக்கறது"ன்னு கேக்கறாங்க. நம்ம புக்கும் நம்ம ஆளுங்களும் சொல்ற அளவுக்கு ஒத்துக்கணும், அதுக்கு மேல ஒரு இன்ச் கூட வேண்டாம், கீழயும் வேண்டாம். லைனிங் நனைக்காம வெட்டினது எங்களுக்கே தெரியும், அதை ஒத்துக்கலாம். ப்ளவுஸ் அதனாலதான் பிடிக்குதான்னு கையில வந்து அளந்தாதான் தெரியும், அந்த இடத்துல "அதனாலதான் இருக்கும்னு நினைக்கறோம், பார்த்துட்டு சொல்றோம்"னு எழுதணும்.

ப்ளவுஸ் எதனால பிடிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது

பரிகாரம் என்னன்னு முடிவு பண்ண காரணம் தெரிஞ்சாகணும், அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். எங்க கேஸ்ல மேல்துணி பாலியஸ்டர் ஆர்ட் சில்க், அது தண்ணில சுருங்காது. உள்ள காட்டன் லைனிங். காட்டன் துணி நெய்யறப்போவும் கஞ்சி போட்டு ஃபினிஷ் பண்றப்போவும் நூலை நல்லா இழுத்து வச்சிருப்பாங்க, முதல் தடவை தண்ணில போட்டதும் நூல் தளர்ந்து பழைய நிலைக்கு திரும்பும், துணி சுருங்கும். சாதாரண லைனிங் நூத்துக்கு 3, 4 பங்கு சுருங்கறது ரொம்ப சகஜம். 39 இன்ச் ப்ளவுஸ்னு வச்சுக்குங்க, 4 பங்குன்னா ஒண்ணரை இன்ச் போயிடும். ப்ளவுஸ்ல நாம விடற லூஸே ஒரு இன்ச்தான், அதனால ஹூக் சேராது. அந்தம்மா சொன்னது அப்படியே சரி, அவங்க உடம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த 39-ங்கறது உதாரணத்துக்கு சொன்னது, அவங்க அளவு இல்லை. காரணத்தை பின்னாடி சொல்றேன்.

ப்ளவுஸ் கையில வந்ததும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மேசையில விரிங்க. பின் பக்கத்தை முதல்ல பாருங்க, அதுல டாட் கம்மி, அளக்க சுலபம். ஒரு பக்கத் தையல்ல இருந்து அடுத்த பக்கத் தையல் வரைக்கும் லைனிங்கை மட்டும் டேப் வச்சு அளங்க, அப்புறம் மேல்துணியை கையால நீவி அதையும் தனியா அளங்க. லைனிங் விறைப்பா இருந்து மேல்துணி சைடு தையல்லயும் கீழ் மடிப்புலயும் சின்னச் சின்னதா சுருக்கம் விழுந்து, ரெண்டுக்கும் முக்கால் இன்ச் வித்தியாசம் இருந்தா, சந்தேகமே வேண்டாம், லைனிங் சுருங்கினதுதான். ரெண்டும் சமமா இருக்கு, ஆனா கார்டுல இருக்கறதை விட சின்னதுன்னா, வெட்டினதுலயோ தைச்சதுலயோ தப்பு. ரெண்டும் சமம், கார்டோடயும் ஒத்துப்போகுது, ஆனாலும் பிடிக்குதுன்னா அளவு எடுத்ததுல தப்பு இருக்கலாம், உடம்பு மாறியிருக்கலாம். அந்தக் கடைசி கேஸ்ல கூட உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது, "மறுபடி ஒரு தடவை அளவு எடுத்துக்கறேன்"னு சொன்னா போதும்.

என்ன தரப்போறோம்னு முடிவு பண்ணிட்டு எழுதுங்க

"எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்"னு மட்டும் எழுதி முடிச்சா அது பதிலே இல்லை. அந்தம்மா ஏற்கனவே தொடர்பு கொண்டாங்க, அதுல கிடைச்சதுதான் அந்த வார்த்தை. அதனால என்ன செய்வோம்னு முதல்ல நமக்குள்ள முடிவு பண்ணியிருக்கணும், ஊசியால செய்ய முடிஞ்சதா அது இருக்கணும்.

எங்க கணக்கு இது. பழைய லைனிங்கை முழுசா பிரிச்சு எடுத்துட்டு, நனைச்சு காய வச்ச புது லைனிங் போடலாம். ஒரு மீட்டர் லைனிங், கிட்டத்தட்ட மூணு மணி நேர வேலை. நாங்க சைடுல ஒண்ணரை இன்ச் மார்ஜின் விடுவோம், அதனால தேவைப்பட்டா ரெண்டு பக்கமும் கால் கால் இன்ச் பிரிச்சும் விடலாம். ஆனா பட்டுத்துணியா இருந்தா இங்க ஜாக்கிரதை, பழைய தையல் ஓட்டை பட்டுல மறையாது, அயர்ன் பண்ணினாலும் கோடு மாதிரி தெரியும். கை குழிப் பக்கம் மார்ஜின் கிடையாது, அங்க பிரிச்சு விட வழியே இல்லை, பிடிச்சா அக்குள்ல ஒரு துண்டு வச்சுதான் தைக்கணும், அந்த துண்டுக்கு மிச்சத் துணி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வாக்கு குடுக்கணும். முடியாத சரிபண்ணலை ஊரறிய எழுதிட்டு அப்புறம் முடியலைன்னா, ரெண்டாவது ரிவ்யூ வரும், அதுக்கு பதிலே எழுத முடியாது.

இந்த ஊர்ல சட்டமும் இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. 2008-ம் வருஷத்து கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் ஆக்ட்ல 54-வது பிரிவு, சேவை தரமா இல்லைன்னா கஸ்டமர் குறையை சரிபண்ணித் தரச் சொல்லலாம், இல்லைன்னா குறையோட அளவைப் பொறுத்து காசுல நியாயமான ஒரு பங்கை திருப்பிக் கேக்கலாம்னு சொல்லுது. சொன்ன நேரத்துக்கு முடிக்கறதும், தவிர்க்க முடியாம லேட்டாகும்னா முன்கூட்டியே சொல்றதும் அதே பிரிவுல வருது. அதாவது லோட் ஷெட்டிங் இருந்துதுங்கறது உண்மைதான், ஆனா புதன்கிழமையே ஒரு வாட்ஸ்ஆப் போட்டு "சனிக்கிழமை ஆகும்"னு சொல்லியிருக்கணும், நாங்க சொல்லலை. எங்க தப்பு அங்கதான்.

அதனால எங்க முடிவு: புது லைனிங் இலவசமா போட்டுத் தர்றது, இல்லை தையல் கூலியை முழுசா திருப்பித் தர்றது, ரெண்டுல எதுன்னு அவங்க சொல்லட்டும். லேட்டானதுக்கு எதுவா இருந்தாலும் 100 ரேண்ட் கழிவு. இதுல நான் ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தேன், தேர்வு அவங்க கையில இருக்கணும். நம்ம கடை மேல நம்பிக்கை போனவங்ககிட்ட "மறுபடி எங்ககிட்டயே துணியைக் குடுங்க"ன்னு மட்டும் சொன்னா அது தண்டனை மாதிரி இருக்கும்.

அதே நேரம் அளவுக்கு மீறியும் போகாதீங்க. "இனி ஆயுசுக்கும் இலவசமா தைச்சுத் தர்றோம்"னு ஒரு கடையில எழுதியிருந்ததைப் பார்த்தேன், படிக்கறவங்களுக்கு அது வாயை அடைக்கற மாதிரி தெரியும், நம்மளாலயும் நிறைவேத்த முடியாது.

முதல்ல போன், அப்புறம் பொதுப் பதில்

ஆர்டர் யாரோடதுன்னு தெரிஞ்சா, பொதுவுல எழுதறதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிடுங்க, கவுன்ட்டர்ல இருக்கறவங்களை கூப்பிட வைக்காதீங்க. நான் கூப்பிட்டேன், எடுக்கலை. அதனால வாட்ஸ்ஆப்ல எழுதினேன்: "வணக்கம்மா, தையல்கடை உரிமையாளர் பேசறேன். உங்க ப்ளவுஸ் லைனிங்கை நாங்க நனைக்காம வெட்டிட்டோம், தப்பு எங்களோடது. போன்ல உங்ககிட்ட பேசின விதமும் தப்பு. உங்களுக்கு எப்போ சௌகரியமோ சொல்லுங்க, நான் கூப்பிடறேன்." ரிவ்யூவைப் பத்தி ஒரு எழுத்து கூட எழுதலை. ரிவ்யூன்னு சொன்ன உடனே, அதுக்காகத்தான் கூப்பிடறோம்னு அவங்களுக்கு தோணிடும். சாயங்காலம் வரைக்கும் பதில் வரலை, அதனால பொதுப் பதிலைப் போட்டுட்டேன். அவங்க பதில் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா ரிவ்யூ மட்டும் தனியா நிக்கும்.

வரி வரியா எழுதறது

எங்க பதில் முதல்ல எப்படி இருந்துதுன்னு, அளவு நம்பரை மட்டும் மாத்திட்டு, மறைக்காம காட்டறேன்:

"அன்பான வாடிக்கையாளருக்கு, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். லோட் ஷெட்டிங்கால் தாமதம் ஏற்பட்டது. எங்கள் கடை பல வருடங்களாக தரமான சேவை அளித்து வருகிறது. நீங்கள் கொடுத்த 38 அளவின்படியே தைத்தோம். எங்கள் ஊழியர் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும்."

இதுல ஒவ்வொரு வரியும் ஒரு ஓட்டை. சிரமம்னா எந்த சிரமம்? பேர் சொல்லாத தப்புக்கு கேக்கற மன்னிப்பு காத்துல போகும். பல வருஷமா நல்ல கடைங்கறது உண்மையா இருந்தாலும் இந்த இடத்துல அது அவங்க வாயை அடைக்கற பேச்சு. "புரிந்துகொண்டிருந்தால்"ங்கற அந்த "இருந்தால்" இருக்கே, அது மன்னிப்பை வாங்கி அவங்க தலையிலயே திருப்பி வச்சுடுது, பாதி மன்னிப்புக் கடிதங்கள் கெட்டுப்போறது இந்த ஒரு விகுதியாலதான்.

இதை விட மோசம் அந்த 38. ஒரு பொம்பளையோட உடம்பு அளவை ஊர் பூரா படிக்கற இடத்துல போடறதுன்னா என்ன அர்த்தம். சாட்ஸ்வொர்த் மாதிரி ஊர்ல ரிவ்யூல போட்டோ இருந்தா யாருன்னு பத்து பேருக்கு தெரியும். போப்பியான்னு எல்லாரும் சொல்ற 2013-ம் வருஷத்து தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1-ல இருந்து முழுசா அமல்ல இருக்கு, கஸ்டமர் நம்மகிட்ட குடுத்த தகவலை நாம இஷ்டத்துக்கு வெளியிட முடியாது. சட்டம் இல்லைன்னாலும் அளவு கார்டு டாக்டர் ஃபைல் மாதிரிதான், கடையை விட்டு வெளிய போகக் கூடாது. அளவு, விலை, போன் நம்பர், எந்த வீட்டுக் கல்யாணம், இது எதுவும் பதில்ல வரக் கூடாது. அவங்களே ரிவ்யூல எழுதினதை மட்டும் நாம தொடலாம்.

கடைசியா போட்டது இதுதான். இங்கிலீஷ்ல போட்டேன், ஏன்னா அவங்க எந்த பாஷையில எழுதினாங்களோ அதே பாஷையில பதில் இருக்கணும். இங்க நம்ம தமிழ்ல தர்றேன்:

"வணக்கம். நீங்க எழுதின மூணுமே நடந்ததுதான், மூணுமே எங்க தப்பு. லைனிங்கை தண்ணில நனைச்சு சுருக்கம் எடுத்துட்டுத்தான் வெட்டணும், உங்க ப்ளவுஸுக்கு நாங்க அதைச் செய்யலை. நீங்க சரியாத்தான் அலசியிருக்கீங்க, அதனாலதான் பிடிக்குதுன்னு நினைக்கறேன், ப்ளவுஸைப் பார்த்ததும் உறுதியா சொல்றேன். போன்ல உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கவே கூடாது, அதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன். வியாழக்கிழமைன்னு சொல்லிட்டு சனிக்கிழமை குடுத்தோம், லேட்டாகும்னு உங்களுக்கு முன்னாடியே சொல்லலை, கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் உங்களை தவிக்க விட்டோம். புது லைனிங் போட்டு அஞ்சு நாள்ல இலவசமா தர்றோம், இல்லை தையல் கூலியை முழுசா திருப்பித் தர்றோம், உங்களுக்கு எது சரியோ அது. நீங்க கடைக்கு வர வேண்டாம்னா நானே வந்து வாங்கிக்கறேன். என் நம்பர்ல இருந்து உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேன், நேரா என்கிட்டயே பேசலாம். கடை உரிமையாளர்."

கவனிச்சுப் பாருங்க, லோட் ஷெட்டிங் இதுல இல்லை. தம்பி பேரும் இல்லை, கட்டிங் அக்கா பேரும் இல்லை, "புதுப்பையன் தெரியாம சொல்லிட்டான்"னு கூட இல்லை. கடையில நடந்தது கடையோட தப்பு, ஊழியரைக் கைகாட்டினா படிக்கறவங்களுக்கு நம்ம மேலதான் மதிப்பு குறையும், நாளைக்கு அந்தத் தம்பி நமக்கு உண்மையும் சொல்லமாட்டான். "அந்த வார்த்தை"யை நான் திரும்ப எழுதலை, கவனிச்சிருப்பீங்க. அவங்க எழுதினதே போதும், நம்ம பேர்ல இன்னொரு தடவை அது வர வேண்டாம்.

"நீங்க சரியாத்தான் அலசியிருக்கீங்க"ங்கற வரியை நான் கடைசி தடவைதான் சேர்த்தேன். ரிவ்யூல அவங்க பச்சைத்தண்ணின்னும் கையாலன்னும் ஏன் எழுதினாங்க, நாம அவங்க மேல பழி போடுவோம்னு எதிர்பார்த்துத்தான். அந்த பயத்துக்கு பதில் சொல்லாம மத்ததெல்லாம் சொன்னா முழுசாகாது.

அளவுல இந்தப் பதில் பெருசுதான், மூணு புகார் இருந்ததால. ஒரே புகார்னா நாலு வரி போதும்.

தப்பு பாதிதான் நம்மளோடதுன்னா

கஸ்டமர் கொண்டுவந்த துணி சாயம் போகுது, நாம தைச்சோம், பார்டர்ல ஒட்டிக்கிச்சு. துணி நம்மளோடது இல்லை, ஆனா வாங்கறப்போ ஒரு மூலையை நனைச்சு வெள்ளைத்துணில தேச்சுப் பார்த்திருக்கலாமே, பார்க்கலை. அப்போ "சாயம் போகுமான்னு பார்த்து உங்களுக்கு சொல்லியிருக்கணும், சொல்லலை"ன்னு அந்தப் பங்கை மட்டும் ஒத்துக்கிட்டு, கூலியைத் திருப்பித் தர்றேன்னு சொல்லலாம். புடவை விலையை ஏத்துக்கறதா எழுதறதுக்கு முன்னாடி நேர்ல பேசிக்குங்க. நிஜமாவே தப்பு நம்ம பக்கம் துளி கூட இல்லைன்னா அது வேற மாதிரி பதில், அதை இதோட கலக்காதீங்க.

போஸ்ட் பண்ணினதுக்கு அப்புறம்

கூகுள்ல ஒரு ரிவ்யூவுக்கு கடைக்காரர் ஒரு பதில்தான் போட முடியும், ஆனா அதைப் பின்னாடி திருத்தலாம். பதில் போட்டதும் எழுதினவங்களுக்கு தகவல் போகும், அவங்களும் தங்களோட ரிவ்யூவை எப்போ வேணா மாத்தலாம். மாத்துங்கன்னு நாம கேக்கறதுல எனக்கு உடன்பாடு இல்லை. காசோ கழிவோ தர்றேன், ரிவ்யூவை எடுத்துடுங்கன்னு பேரம் பேசறது கூகுள் விதிப்படியே தப்பு. அதனால 100 ரேண்டைக் கையில குடுக்கறப்போ கூட ரிவ்யூன்னு வாயே திறக்காதீங்க, ரெண்டையும் சேர்த்து பேசினா நாம தந்த பரிகாரமே லஞ்சமா மாறிடும்.

மறுநாள் காலையில அவங்க மெசேஜ் வந்துது, "சரி, புதன்கிழமை வர்றேன்"னு மட்டும். வந்தாங்க. நான்தான் கவுன்ட்டர்ல இருந்தேன். ப்ளவுஸைத் திருப்பி அவங்க கண்ணு முன்னாடியே அளந்தேன், பின் பக்கத்துலயே லைனிங் முக்கால் இன்ச் சின்னதா இருந்துது, டேப்பை அவங்க கையிலயே குடுத்து பார்க்கச் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துட்டு, "நான் அந்த வாரம் பூரா சரியா சாப்பிடலை"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தை அவங்களை என்ன பண்ணியிருக்குன்னு எனக்கு அப்போதான் முழுசா தெரிஞ்சுது. தம்பி உள்ள இருந்து வந்து, "ஆன்ட்டி, நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்குங்க"ன்னு அவனாவே சொன்னான், நான் சொல்லச் சொல்லலை.

கூலி வேணுமா லைனிங் வேணுமான்னு கேட்டேன், லைனிங் போடுங்கன்னாங்க. புது லைனிங்கை ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டு, நிழல்ல காய வச்சு, லேசா ஈரம் இருக்கறப்போவே அயர்ன் பண்ணி வெட்டினோம். சைடுல பிரிச்சு விட வேண்டிய அவசியமே வரலை. சனிக்கிழமை டிரையல் பார்த்து, அன்னிக்கே குடுத்துட்டோம், சொன்ன அஞ்சு நாளைக்கு முன்னாடியே. அப்புறம் என் பதிலைத் திறந்து கீழ ஒரு வரி சேர்த்தேன், "ப்ளவுஸைப் பார்த்தோம், லைனிங் சுருங்கினதுதான் காரணம், புதுசா போட்டுக் குடுத்தாச்சு"ன்னு. அதுக்கு மேல எதுவும் சேர்க்கலை, அவங்க சந்தோஷமா போனாங்கன்னு நாம எழுதக் கூடாது, அது அவங்க சொல்ல வேண்டியது. ரெண்டு வாரம் கழிச்சு அவங்க ரிவ்யூ மூணு ஸ்டார் ஆச்சு, பழைய எழுத்து அப்படியே இருந்துது, கடைசியில "சரி பண்ணிக் குடுத்தாங்க"ன்னு ஒரு வரி.

இன்னொரு வேலை பாக்கி இருந்துது, பதில் எழுதறப்போ எனக்கு தோணவே இல்லை, கட்டிங் அக்காதான் ஞாபகப்படுத்தினாங்க. அந்த மெரூன் ரோல்ல இருந்து அந்த வாரம் வெட்டினது அந்தம்மாவோட ஒரு ப்ளவுஸ் மட்டும் இல்லையே. பில் புக்கைப் புரட்டினோம், இன்னும் ஆறு ப்ளவுஸ் இருந்துது. ஆறு பேருக்கும் நானே போன் பண்ணினேன், "தண்ணில போட்டிருந்தீங்கன்னா ஹூக் சேருதான்னு பாருங்க, சேரலைன்னா கொண்டு வாங்க, லைனிங் மாத்தித் தர்றோம், காசு வேண்டாம்"னு. ரெண்டு பேர் கொண்டு வந்தாங்க. அதுல ஒருத்தங்க, ஹூக் சேரலைன்னு தெரிஞ்சும் அவங்களே குண்டாயிட்டதா நினைச்சு அலமாரிக்குள்ள மடிச்சு வச்சிருந்தாங்களாம்.